ஒரே ரத்தப் பரிசோதனை, நான்கு பதில்கள்: எல்.டி.எல். இலக்கு நெறிமுறைக்கு நெறிமுறை ஏன் மாறுகிறது, அதை எப்படிப் படிப்பது

பெங்களூரில் அல்சூர், ஜலஹள்ளி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு அவருடைய கொழுப்புப் பரிசோதனைத் தாள் வாட்ஸ்அப்பில் மான்செஸ்டருக்கும் சிகாகோவுக்கும் போகிறது. மான்செஸ்டரில் இருக்கும் மகள், "இலக்கை எட்டிவிட்டீர்கள் அப்பா" என்கிறாள். சிகாகோவில் இருக்கும் மகன், "இன்னொரு மாத்திரை வேண்டும்" என்கிறான். இங்கே இருக்கும் இதய மருத்துவர், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்.-ஐ இன்னும் குறைக்க வேண்டும் என்கிறார். சோதனைக்கூடத்தின் தாளோ எந்த எண்ணையும் தடித்த எழுத்தில் காட்டவில்லை. குடும்பம் குழம்பிப்போய் என்னிடம் வருகிறது.

எங்கள் கிளினிக்குக்குப் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லித்தரும் வரிசையையே இங்கே எழுதுகிறேன். ஏற்கெனவே மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவரைத்தான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். நோய் வராதவர்களுக்கு மருந்து தொடங்கும் வரம்பைப் பற்றி நடுவில் சுருக்கமாகச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். மருத்துவரிடம் சரியான கேள்வியோடு போவதற்காகவே இது.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு தகவல்கள் வேண்டும். முதலாவது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரை தொடங்கும் முன் எடுத்த பழைய பரிசோதனைத் தாள். இரண்டாவது, இப்போதைய தாள், அதில் மொத்தக் கொழுப்பு, நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல்., இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவது, மாத்திரையின் பெயரும் மில்லிகிராமும், அதை உண்மையில் தினமும் சாப்பிடுகிறாரா என்ற பதிலும். நான்காவது, மாரடைப்பு எப்போது வந்தது, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, சிறுநீரகக் கோளாறு உண்டா என்ற விவரம்.

இவற்றில் பெரும்பாலும் தொலைந்துபோவது பழைய தாள். அதைத் தேடி எடுக்காமல் பேசத் தொடங்கக் கூடாது. ஏன் என்பது முதல் படியிலேயே தெரியும்.

இனி ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். வயது 58, பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. ஐந்து மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் தவறாமல் சாப்பிடுகிறார்.

## 1. மருந்துக்கு முந்தைய எல்.டி.எல்.-ஐக் கண்டுபிடியுங்கள்

அவருடைய தொழிற்சாலை உடல் பரிசோதனைத் தாளில் மாரடைப்புக்கு முந்தைய ஆண்டின் எல்.டி.எல். 146. இப்போது 72. அதாவது பாதிக்கும் சற்று அதிகமாகக் குறைந்திருக்கிறது, ஏறக்குறைய 51 சதவீதம்.

இந்தச் சதவீதம் தெரியாவிட்டால், மருத்துவ அமைப்புகள் வெளியிடும் சிகிச்சை நெறிமுறைகளில் பாதியைப் பயன்படுத்தவே முடியாது. ஒரு தரப்பு நெறிமுறைகள் "எவ்வளவு சதவீதம் குறைந்தது" என்று கேட்கின்றன, இன்னொரு தரப்பு "எந்த எண்ணுக்கு வந்தது" என்று கேட்கிறது. 72 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வழியில்லை.

இங்கே வழக்கமான பிழை ஒன்று உண்டு. மாரடைப்பில் சேர்த்து மூன்று நான்கு நாள் கழித்து எடுத்த பரிசோதனையைத் தொடக்க அளவாக வைத்துக்கொள்வது. மாரடைப்பின்போது உடலில் ஏற்படும் அழற்சியால் எல்.டி.எல். தானாகவே இறங்கும், அதோடு ஸ்டாடினும் தொடங்கியிருப்பார்கள். அந்த எண்ணிலிருந்து கணக்கிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று தவறாகத் தோன்றும். சேர்த்த முதல் நாளே எடுத்தது அல்லது நோய்க்கு முந்தையது வேண்டும்.

## 2. எல்.டி.எல். அளக்கப்பட்டதா, கணக்கிடப்பட்டதா என்று பாருங்கள்

பெரும்பாலான தாள்களில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை. மொத்தக் கொழுப்பான TC-யிலிருந்து எச்.டி.எல்.-ஐயும், டிரைகிளிசரைடான TG-யில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எடுக்கிறார்கள்.

```
LDL = TC − HDL − TG/5
142 − 36 − 170/5 = 72
```

டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அதற்குக் கீழேயும், டிரைகிளிசரைடு உயர்ந்து எல்.டி.எல். தாழ்ந்திருக்கும்போது, இந்தக் கணக்கு எல்.டி.எல்.-ஐ உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். சர்க்கரை நோயாளிகளிடம் இந்தச் சேர்க்கைதான் அடிக்கடி வருகிறது.

அதனால் இன்னொரு எண்ணையும் எடுத்து வையுங்கள். மொத்தக் கொழுப்பிலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்தால் வருவது எச்.டி.எல். அல்லாத கொழுப்பு. இவருக்கு 142-இலிருந்து 36 போக 106. எல்.டி.எல். மட்டுமல்லாமல், நாளத்தில் படியக்கூடிய மற்ற துகள்களில் இருக்கும் கொழுப்பையும் இது சேர்த்துக் காட்டுகிறது. இதற்கு வெறும் வயிறும் தேவையில்லை. 106 என்ற இந்த எண் பிறகு உதவும்.

## 3. அலகை மாற்றிக்கொள்ளுங்கள்

பிரிட்டனில் மில்லிமோல் கணக்கு, இங்கே மில்லிகிராம் கணக்கு. நம் எண்ணை 38.67 ஆல் வகுத்தால் அவர்களுடைய எண் வரும். 72 என்பது அங்கே ஏறக்குறைய 1.9. மகள் தொலைபேசியில் "2.0-க்குக் கீழே இருந்தால் போதும்" என்று சொல்லும்போது அவள் பேசுவது நம் கணக்கில் 77-ஐ. இதைக் கவனிக்காமல் நடந்த குடும்ப வாக்குவாதங்கள் பல.

## 4. ஆளை எந்தப் பட்டியலில் வைப்பது என்று முடிவு செய்யுங்கள்

மாரடைப்பு, பக்கவாதம், ஸ்டென்ட், பைபாஸ் இவற்றில் ஏதேனும் நடந்தவருக்கு ஆபத்துக் கணிப்பான் தேவையில்லை. பத்தாண்டு ஆபத்து எத்தனை சதவீதம் என்று இணையக் கணிப்பானில் தட்டிப் பார்ப்பது இவர்களுக்குப் பொருந்தாது. அந்தக் கணிப்பான்கள் நோய் இன்னும் வராதவர்களுக்காகச் செய்யப்பட்டவை.

வராதவர்களுக்கு மருந்து தொடங்கும் வரம்பு நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவின் 2018 நெறிமுறை பத்தாண்டு ஆபத்து 7.5 சதவீதத்தில் மிதமான அளவு ஸ்டாடினைப் பற்றிப் பேசச் சொன்னது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 10 சதவீதத்தை வைத்தது. பார்த்தவுடன் அமெரிக்கர்கள் அவசரப்படுகிறார்கள் என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே பொருளை எண்ணவில்லை. அந்த அமெரிக்க நெறிமுறையின் கணிப்பான் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றை எண்ணுகிறது. பிரிட்டனின் கியூரிஸ்க் நெஞ்சுவலி நோயையும் தற்காலிகப் பக்கவாதத்தையும் சேர்த்து எண்ணுகிறது. ஆகவே 7.5-ஐயும் 10-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. இந்தியாவில் வாழும் இந்தியர்களைத் தொடர்ந்து கவனித்து உருவாக்கியதும் அல்ல இவ்விரண்டும். கியூரிஸ்க் பிரிட்டனில் வாழும் இந்தியர்களைத் தனி இனமாகக் கணக்கில் எடுக்கிறது. அமெரிக்காவின் 2018 நெறிமுறை தெற்காசிய வம்சாவளியை ஆபத்தைக் கூட்டும் காரணமாகக் குறிப்பிடுவதோடு நின்றது.

நம்மவர் மாரடைப்பு வந்தவர். எல்லா நெறிமுறைகளிலும் தீவிர சிகிச்சைப் பட்டியலில்தான் வருகிறார். அமெரிக்க நெறிமுறையில் இன்னும் ஒரு படி மேலே, 'மிக உயர் ஆபத்து'. ஓராண்டுக்குள் வந்த மாரடைப்போடு சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்திருப்பதே அதற்குக் காரணம்.

## 5. ஒவ்வொரு நெறிமுறையும் என்ன வகையான எண் தருகிறது என்று கேளுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் கடைசிவரை குழம்புகிறார்கள். நெறிமுறையில் உள்ள எண் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்.

மருந்தின் அளவு. அமெரிக்காவின் 2013 நெறிமுறை இலக்கு எண்களை விட்டுவிட்டது. யாருக்கு எந்த வலிமையில் ஸ்டாடின் என்று மட்டும் சொன்னது. நம்மவரைப் போன்றவருக்கு எல்.டி.எல்.-ஐப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைக்கக்கூடிய தீவிர அளவு, அதாவது அட்டோர்வாஸ்டாட்டின் 40 அல்லது 80, ரோசுவாஸ்டாட்டின் 20 அல்லது 40. இதுதான் நிலையான அளவு அணுகுமுறை.

நடவடிக்கை வரம்பு. 2018-இல் அதே அமெரிக்கர்கள் 70 என்ற எண்ணைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் அதை இலக்கு என்று அழைக்கவில்லை. தாங்கக்கூடிய அதிகபட்ச ஸ்டாடினுக்குப் பிறகும் எல்.டி.எல். 70 அல்லது அதற்கு மேல் இருந்தால், மிக உயர் ஆபத்துள்ளவருக்கு எசெட்டிமைப் என்ற இன்னொரு கொழுப்புக் குறைப்பு மாத்திரையைச் சேர்ப்பது நியாயம் என்றார்கள். 70-க்குக் கீழே கொண்டுபோயே ஆக வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல. அந்த எண்ணுக்கு மேல் இருப்பவர்களுக்குக் கூடுதல் மருந்தால் பயன் உண்டு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன என்பதே பொருள்.

இலக்கு. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2019 நெறிமுறை மிக உயர் ஆபத்துள்ளவருக்கு 55-க்குக் கீழே என்கிறது, தொடக்க அளவிலிருந்து பாதியாவது குறைய வேண்டும் என்றும் சேர்த்தே கேட்கிறது. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறையிலும் இவர்களுக்கு 55-தான். இந்திய லிப்பிட் சங்கம் 2016-லேயே 50 என்று எழுதியது. நைஸ் 2023 டிசம்பரில் ஓர் இலக்கு வைத்தது: எல்.டி.எல். 2.0 மில்லிமோல் அல்லது அதற்குக் கீழே, அதாவது 77. இல்லாவிட்டால் எச்.டி.எல். அல்லாத கொழுப்பு 2.6, அதாவது ஏறக்குறைய 100.

சோதனைக்கூடத் தாளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் "100-க்குக் கீழே உகந்தது" என்பது இவற்றில் எதுவும் அல்ல. அது 2001-இல் வந்த பழைய அமெரிக்க நெறிமுறையின் வகைப்பாடு. நலமாக இருப்பவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் ஒரே ஓரக்குறிப்பைத்தான் அச்சிடுகிறார்கள். தடித்த எழுத்து இல்லை என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம்.

## 6. ஒரே ஆளை எல்லாவற்றிலும் பொருத்திப் பாருங்கள்

தொடக்கம் 146, இப்போது எல்.டி.எல். 72, எச்.டி.எல். அல்லாதது 106.

2013 அமெரிக்க முறைப்படி: தீவிர அளவு ஸ்டாடின் சாப்பிடுகிறார், பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது. வேலை முடிந்தது. 2018 முறைப்படி: 70-க்கு இரண்டு புள்ளி மேலே இருக்கிறார், எனவே முதலில் ஸ்டாடினை 80 ஆக்க முடியுமா என்று பார்த்து, பிறகு எசெட்டிமைப். ஐரோப்பிய, இந்திய இதயவியல் முறைப்படி: பாதி குறைந்தது சரி, 55-க்கு வரவில்லை, கட்டாயம் தொடர வேண்டும்.

நைஸ் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்.டி.எல். 72 என்பதால் இலக்கை எட்டிவிட்டார். ஆனால் எச்.டி.எல். அல்லாத கொழுப்பைப் பார்த்தால் 106, இலக்கான 100-ஐத் தாண்டுகிறது. ஒரே நெறிமுறை, ஒரே ரத்தம், இரண்டு பதில்கள். அவருடைய டிரைகிளிசரைடு 170 ஆக இருப்பதால் வரும் விளைவு இது. இரண்டாம் படியில் அந்த எண்ணை எடுத்து வைக்காதவர்களுக்கு இது கண்ணில் படாது. மேலும், இலக்கை எட்டியவருக்கும் எசெட்டிமைப் சேர்ப்பதை யோசிக்கலாம் என்று நைஸ் அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. மகள் சொன்னது தவறில்லை. ஆனால் அவள் ஒரு வரியை மட்டும் படித்திருக்கிறாள்.

இன்னொரு பிழை: 72-க்கும் 69-க்கும் இடையே கோடு கிழித்துச் சண்டை போடுவது. அதே ஆளுக்கு அடுத்த வாரம் ரத்தம் எடுத்தாலே எல்.டி.எல். சில புள்ளிகள் ஏறி இறங்கும். வரம்பை ஒட்டி நிற்கும் எண்ணை இன்னொரு முறை அளந்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

## 7. ஏன் இந்த வேறுபாடு என்பதற்குக் காரணத்தைத் தேடுங்கள்

எல்.டி.எல். குறையக் குறைய மாரடைப்பு குறைகிறது என்பதில் இவர்கள் யாருக்கும் சண்டை இல்லை. எந்த வகை ஆதாரத்தை ஏற்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்ற இரண்டில்தான் பிரிகிறார்கள்.

முதலில் ஆதாரம். பெரிய ஸ்டாடின் ஆய்வுகள் பெரும்பாலும் "இவருக்கு 80 மில்லிகிராம், அவருக்கு 10 மில்லிகிராம்" என்று அளவை ஒப்பிட்டவை. "இவரை 70-க்குக் கொண்டுபோ, அவரை 100-இல் விடு" என்று எண்ணை ஒப்பிட்டவை மிகக் குறைவு. 2013 குழு, ஆய்வு எதைச் சோதித்ததோ அதையே பரிந்துரைப்போம் என்று நின்றது. சோதித்தது அளவை, எனவே பரிந்துரையும் அளவு. ஐரோப்பியர்கள் மரபணு ஆய்வுகளையும் ஸ்டாடின் அல்லாத மருந்துகளின் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். எந்த வழியில் குறைத்தாலும் ஒரே சரிவில்தான் ஆபத்து இறங்குகிறது என்றால், எண்ணையே இலக்காக வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். இரண்டுமே நேர்மையான நிலைப்பாடுகள் என்பது என் கருத்து.

அடுத்து, நிறுத்தும் இடம். இதற்கு 2015-இல் வெளியான இம்ப்ரூவ்-இட் ஆய்வைப் பாருங்கள். இதய நோய் தாக்கி மருத்துவமனையில் சேர்ந்த 18,144 பேர். ஸ்டாடின் மட்டும் எடுத்தவர்களின் எல்.டி.எல். சராசரி ஏறக்குறைய 70. எசெட்டிமைப் சேர்த்தவர்களுக்கு 54. நம்மவர் நிற்கும் இடமும் அவர் போகச் சொல்லப்படும் இடமும் இவைதான். ஏழாண்டில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் போன்றவை ஸ்டாடின் மட்டும் எடுத்த பிரிவில் 34.7 சதவீதம், எசெட்டிமைப் சேர்த்த பிரிவில் 32.7 சதவீதம். அதாவது ஐம்பது பேர் ஏழாண்டு அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் ஒருவருக்கு ஒரு நிகழ்வு தவிர்க்கப்படுகிறது.

இந்த உண்மையை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஐம்பதில் ஒன்று போதுமா என்பதுதான் கேள்வி. நைஸ், தேசிய மருத்துவச் சேவையின் பணத்துக்கு எவ்வளவு ஆரோக்கியம் கிடைக்கிறது என்று கணக்குப் பார்த்தே இலக்கை வைக்கிறது, அதனால் எண் உயரமாக நிற்கிறது. ஐரோப்பிய இதய மருத்துவர்கள் ஆபத்து எவ்வளவு குறையும் என்பதை முதலில் வைக்கிறார்கள், எண் கீழே போகிறது. இந்தியச் சங்கங்கள் இங்கே மாரடைப்பு இளம் வயதிலேயே வருவதைக் கருத்தில் கொண்டு ஐரோப்பியர்கள் அளவுக்கோ அதைவிடவோ கண்டிப்பாக இருக்கின்றன. 72-க்குப் பின்னால் இத்தனை மதிப்பீடுகள் இருக்கின்றன.

## 8. நிலையான அளவா, இலக்கா: இரண்டையும் மோதவிட்ட ஆய்வைப் படியுங்கள்

தென் கொரியாவில் நடந்து 2023-இல் வெளியான லோட்ஸ்டார் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. இதயத் தமனி நோயுள்ள 4,400 பேர். ஒரு பாதிக்கு நேராகத் தீவிர அளவு ஸ்டாடின். மறு பாதிக்கு எல்.டி.எல். 50-க்கும் 70-க்கும் இடையே நிற்கும்படி அளவைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்தார்கள். மூன்றாண்டு முடிவில் இலக்குப் பிரிவில் 8.1 சதவீதம், நிலையான அளவுப் பிரிவில் 8.7 சதவீதம் பேருக்கு நிகழ்வுகள். இலக்கு முறை தாழ்ந்ததல்ல என்று நிறுவப்பட்டது.

இதை இலக்கு முறையின் வெற்றி என்று இளம் மருத்துவர்கள் படிக்கிறார்கள். கூடவே இன்னொரு வரியையும் படிக்க வேண்டும்: இரு பிரிவுகளிலும் சராசரி எல்.டி.எல். ஏறக்குறைய ஒன்றுதான், 69-ம் 68-ம். இரண்டு பாதைகளும் ஒரே ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. 55-க்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை இந்த ஆய்வு சொல்லவே இல்லை. இரு இலக்குகளை உண்மையில் மோதவிட்டது 2020-இல் வந்த ஒரு பக்கவாத ஆய்வு. பிரான்ஸிலும் தென் கொரியாவிலும் பக்கவாதம் வந்தவர்களில் ஒரு பிரிவை 70-க்குக் கீழேயும், மற்றதை 90-க்கும் 110-க்கும் இடையேயும் வைத்தார்கள். தாழ்ந்த இலக்குக்காரர்களுக்கு 8.5 சதவீதம், மற்றவர்களுக்கு 10.9 சதவீதம்.

நடைமுறையில் இரண்டு முறைகளுக்கும் தனித்தனிப் பலவீனங்கள் உண்டு, அவற்றை நான் கிளினிக்கில் தினமும் பார்க்கிறேன். நிலையான அளவு முறையில் சிலர் அளக்கவே தேவையில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2013 நெறிமுறைகூட அப்படிச் சொல்லவில்லை. எதிர்பார்த்த வீழ்ச்சி வந்ததா, நோயாளி மாத்திரை சாப்பிடுகிறாரா என்று அறிய அளக்கச் சொன்னது. 40 மில்லிகிராமில் 20 சதவீதம்தான் குறைந்தது என்றால், பெரும்பாலும் மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது என்று பொருள்.

இலக்கு முறையின் பலவீனம் இதைவிட ஆபத்தானது. 'இலக்கு' என்று கேட்டதும் நோயாளி அதை முடிவுக்கோடாக எடுத்துக்கொள்கிறார். "நார்மல் ஆகிவிட்டது டாக்டர், அதனால் நிறுத்திவிட்டேன்" என்று வருபவர்கள் ஏராளம். நிறுத்திய சில வாரங்களில் எண் பழைய இடத்துக்கே ஏறிவிடும். மருத்துவர்களும் எல்.டி.எல். 40-க்கு வந்ததும் பயந்து அளவைப் பாதியாக்குகிறார்கள். எவோலோகுமாப் ஊசியைச் சோதித்த ஃபூரியர் ஆய்வில் எல்.டி.எல். 30 வரை இறங்கியும், சுமார் இரண்டாண்டுக் கவனிப்பில் அதனால் பெரிய தீங்கு தென்படவில்லை. எண் தாழ்ந்ததே அளவைக் குறைக்கக் காரணம் அல்ல.

## 9. அடுத்த மாத்திரையைக் கணக்கோடு தேர்ந்தெடுங்கள்

ஸ்டாடினை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். பாதியாகும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு இரட்டிப்புக்கும் தொடக்க அளவில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் கூடுதலாகக் குறையும். நம்மவருக்கு 146-இல் 6 சதவீதம் என்பது 9 புள்ளி. 72 இறங்கி 63 ஆகும். 2018 அமெரிக்க வரம்பான 70-க்குக் கீழே வந்துவிடுவார், 55-ஐத் தொடமாட்டார்.

எசெட்டிமைப் 10 மில்லிகிராம் சேர்த்தால் இப்போதைய அளவில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். 72 ஏறக்குறைய 55-ஐ ஒட்டி வரும். ஸ்டாடின் கல்லீரலில் கொழுப்பு தயாராவதைத் தடுக்கிறது, எசெட்டிமைப் குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. வேறு வேறு வழிகள் என்பதால்தான் இரண்டும் சேரும்போது பலன் கூடுகிறது. தசைவலி இல்லாதவருக்கு இரண்டையும் செய்தால் 50-ஐ ஒட்டி வருவார்.

எந்த மாற்றமானாலும் 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி அளக்க வேண்டும். இரண்டு வாரத்திலேயே அளந்தால் முழு வீழ்ச்சி தெரியாமல் போகலாம். ஆறு மாதம் விட்டால் மாத்திரையை நிறுத்தியவர் நிறுத்தியபடியே இருப்பார்.

நோயாளியின் அட்டையில் நான் ஐந்து வரிகள் எழுதித் தருகிறேன்: மருந்துக்கு முந்தைய எல்.டி.எல்., இப்போதைய எல்.டி.எல்., எச்.டி.எல். அல்லாத கொழுப்பு, மாத்திரையும் அளவும், எந்த நாட்டு நெறிமுறையின் எந்த எண்ணைப் பின்பற்றுகிறோம். ஐந்தாவது வரி இருந்தால், அடுத்த முறை அந்தத் தாள் மான்செஸ்டருக்குப் போகும்போது மகள் முதலில் அதைத்தான் படிப்பாள்.